மூடியைத் தொடாதே

வாயில் எப்போதும் ஒரு ஸ்குரூவைக் கவ்விக்கொண்டே வேலை செய்வதால் அவனுக்குத் திருகாணி என்று பெயர் வந்துவிட்டது. யாராவது பேச்சுக் கொடுத்தால் அதைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு பதில் சொல்வான். அவனுடைய சொந்தப் பெயர் அவன் அம்மாவுக்கும் பேங்க்காரர்களுக்கும் மட்டும்தான் ஞாபகம் இருந்திருக்கும்.

அவன் மனைவிக்குக் கைராசி என்று பெயர் வைத்தவன் அவனேதான். கல்யாணமான புதிதில், ஒரு வாரமாக அவனுக்கு மசியாமல் அடம்பிடித்த மிக்ஸி ஒன்றை அவள் தூசி தட்டி, பிளக்கைச் சொருகினாள். மிக்ஸி ஓடியது. "உனக்குக் கைராசிடி" என்று அவன் சிரித்தான். அன்றிலிருந்து வீட்டு முன்னறையில் இருந்த ரிப்பேர் கடையில் அவளும் உட்கார்ந்தாள். மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், ஃபேன் எல்லாம் அவள் மேஜைக்கு வரும். வாஷிங் மெஷின் என்றால் அவன் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே கிளம்புவான்.

மாடிப்படியில் ஒரு மெஷினை இறக்கும்போது அவன் இடுப்பு பிடித்துக்கொண்டது. பிடித்தது பிடித்ததுதான். டாக்டர் படுக்கையைக் காட்டிவிட்டார். கடையை மூடுவதா என்று அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கைராசி பையைத் தோளில் மாட்டிவிட்டாள்.

"வாஷிங் மெஷின் உனக்கு ஒண்ணும் தெரியாதே" என்றான்.

"உங்களுக்குத் தெரியும்ல. போன்ல சொல்லுங்க, நான் செய்றேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். "இடது பக்கம் ஒரு கிளிப் இருக்கும், தெரியுதா?" என்பான் அவன். இருக்கும். "அதை அமுக்கிக்கிட்டே மேல தூக்கு." தூக்குவாள், வரும். கட்டிலில் மல்லாந்து படுத்தபடி ஊரில் இருக்கிற மெஷின்களின் குடலெல்லாம் அவனுக்குத் தெரிந்தது. ஒருநாள்கூட அவன் சொன்னது பிசகியதில்லை. அவள் பயமில்லாமல் கை வைத்ததற்குக் காரணமே அதுதான். தப்பாகப் போனால் பிடித்துக்கொள்ள அந்தப் பக்கம் அவன் இருக்கிறான்.

முதலில் கதவைத் திறக்கிறவர்கள், "சார் வரலையா?" என்று அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். பிறகு எட்டிப் பார்ப்பது நின்றது. பிறகு கடைக்குப் போன் வந்தால், "கைராசி அக்கா வருவாங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். சில பேர், "சார் வந்தாருன்னா தண்ணியக் கொட்டிட்டுப் போயிடுவாரு, அக்கா துடைச்சுட்டுப் போவாங்க" என்று அவனிடமே சொன்னார்கள். கைராசி சாயங்காலம் வந்து இதையெல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொல்வாள். அவனும் சிரிப்பான். தன் மனைவியை ஊர் மெச்சினால் யாருக்குத்தான் கசக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் ஹாஸ்டலிலிருந்து போன் வந்தது. மேலே திறக்கும் பழைய பெரிய மெஷின். ஓடும்போது நடுவில் கரகரவென்று சத்தம் வருகிறது, துணியெல்லாம் நார் நாராகக் கிழிகிறது என்றார்கள்.

"அஜிடேட்டருக்கு அடியில என்னமோ மாட்டியிருக்கு" என்றான் திருகாணி. தொட்டிக்கு நடுவில், இறக்கைகளோடு தூண் மாதிரி நிற்குமே, அதுதான் அஜிடேட்டர். அது இப்படியும் அப்படியும் திரும்பித்தான் துணியை அலசும். "அதைக் கழட்டினாத்தான் தெரியும். நாளைக்குப் போயிட்டுப் போன் பண்ணு. நான் சொல்றேன்."

மறுநாள் காலை அவள் போனபோது வார்டன் இல்லை, பேங்குக்குப் போயிருந்தார். இரவு டியூட்டி முடிந்து வந்திருந்த ஒரு நர்ஸ் பெண் கதவைத் திறந்து, பின்பக்கம் துணி துவைக்கும் அறையைக் காட்டினாள். சுவரெல்லாம் ஈரம். கொடியில் காய்ந்த யூனிஃபாரம்கள் வரிசையாகத் தொங்கின. மூலையில் அந்த மெஷின்.

கைராசி பிளக்கைப் பிடுங்கினாள். தொட்டிக்குள் டார்ச் அடித்தாள். அஜிடேட்டரின் அடிப்பாகம் பாவாடை மாதிரி விரிந்து தொட்டியின் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதன் ஓரமெல்லாம் சோப்புப் படிவம் சுண்ணாம்பு அடித்தாற்போல வெள்ளையாக இறுகியிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். இப்படியும் அப்படியும் கொஞ்சம் திரும்பியதே தவிர, மேலே மயிரிழைகூட எழும்பவில்லை. உச்சியில், தூணோடு தூணாக வழவழவென்று ஒரு வட்ட மூடி இருந்தது. அவள் விரல் அதன் விளிம்பைத் தடவியது. போன் போட்டாள்.

"வந்துட்டேங்க. இது எப்படிக் கழட்டுறது? போல்ட் ஏதாவது இருக்கா?"

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது.

"அந்த மாடல்ல போல்ட்டே கிடையாது" என்றான். "அடியில இருந்து வர்ற ஷாஃப்ட் கம்பில சும்மா சொருகியிருக்கும். பிடிச்சு இழுத்தா வந்துடும்."

"மேல ஒரு மூடி தெரியுதே. அதுக்குள்ள இருக்குமோ?"

"அது அழகுக்கு ஒட்டியிருக்கிற மூடி. அதைத் தொடாத. நெம்பினா உடைஞ்சுடும், அப்புறம் வேற கிடைக்காது. சோப்பு பிடிச்சிருக்கு, அவ்வளவுதான். அடியில கயித்தைச் சுத்திப் பலமா இழு."

அவன் சொன்னான், அவள் செய்தாள். கயிற்றைப் பாவாடைக்கு அடியில் நுழைத்து, இறக்கைகளைச் சுற்றிக் கொண்டுவந்து மேலே முடிச்சுப் போட்டாள். இழுத்தாள். மெஷினே தரையிலிருந்து எழும்பப் பார்த்தது. நர்ஸ் பெண், "நான் மெஷினை அமுக்கிக்கவாக்கா?" என்று வந்து, இரண்டு முழங்கைகளையும் அதன் விளிம்பில் ஊன்றிச் சாய்ந்துகொண்டாள். மறுபடி இழுத்தாள். கயிறு உள்ளங்கையை அறுத்தது. திரும்பப் போன் போட்டாள்.

"வரலைங்க. கல்லு மாதிரி நிக்குது."

"வரும். உனக்கு வலு பத்தலை. நல்லா தம் கட்டி இழு."

உனக்கு வலு பத்தலை என்றதும் அவளுக்குச் சுருக்கென்றது. ஒரு காலை மெஷினின் முகப்பில் உதைத்து ஊன்றிக்கொண்டு, உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் திரட்டி இழுத்தாள்.

படீரென்று ஒரு சத்தம். வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டுதான் பின்னால் போய் விழுந்தாள். எழுந்து பார்த்தால் தூண் அங்கேயே நிற்கிறது. பாவாடையில் ஒரு பக்கம் மட்டும் பிளந்து, இறக்கை ஒன்றின் அடிவரை விரிசல் ஓடியிருந்தது. உடைந்த சில்லு கயிற்றோடு அவள் மடியில் கிடந்தது.

நர்ஸ் பெண் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

கைராசி சில்லைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இத்தனை மாதத்தில் அவள் கையால் ஒன்று உடைந்தது இதுதான் முதல்முறை. பிறத்தியார் பொருள். வார்டன் வந்தால் என்ன சொல்வது என்று நினைக்கும்போதே வார்டன் வந்துவிட்டார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கையிலிருந்த பையோடு நேரே உள்ளே வந்தார். தலை நரைத்த, குரல் தணிந்த பெண்மணி. உடைந்ததைப் பார்த்தார். கோபம் வரவில்லை, குழப்பம்தான் வந்தது.

"ஏம்மா, மேல மூடியை எடுக்கலையா நீ?"

"அது எடுக்கிற மூடி இல்லைக்கா. ஒட்டினது."

"ஒட்டினதா? ரெண்டு வருஷம் முன்னாடி உங்க வீட்டுக்காரர் இதையே கழட்டினாரே. நான் பக்கத்துல டார்ச் பிடிச்சுக்கிட்டு நின்னேன். மேல மூடியை நெம்பி எடுத்துட்டு, உள்ள ஒரு நீட்டுக் கம்பியை விட்டுத் திருகினாரு. ஒரு போல்ட் வந்துச்சு. அதுக்கப்புறம்தான் தூக்கினாரு."

கைராசி மூடியைத் திரும்பிப் பார்த்தாள். மறந்திருப்பார் என்று உடனே சொல்லிக்கொண்டாள். எத்தனை மெஷின், எத்தனை மாடல். படுத்த படுக்கையாக இருக்கிற மனுஷன். மறந்திருப்பார்.

மெல்லிய ஸ்குரூடிரைவரை எடுத்து மூடியின் விளிம்பைச் சுற்றி வந்தாள். ஓரிடத்தில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு பள்ளம். அங்கே நுனியை வைத்து லேசாக நெம்பினாள். மூடி 'டப்'பென்று மேலே வந்து அவள் கையில் விழுந்தது. அதில் கீறல்கூட விழவில்லை.

தூண் உள்ளே கிணறு மாதிரி கூடாக இருந்தது. டார்ச்சை வார்டன் வாங்கிப் பிடித்தார். ஆழத்தில், நடுவில், அறுகோணத் தலையோடு ஒரு போல்ட். அவ்வளவு நேரம் அவள் தம் கட்டி இழுத்தபோதெல்லாம் அதுதான் தூணை ஷாஃப்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது. எந்தப் பயில்வான் வந்து இழுத்தாலும் தூண்தான் உடைந்திருக்கும், வந்திருக்காது.

நீளமான எக்ஸ்டென்ஷன் ராடில் சாக்கெட்டை மாட்டி உள்ளே இறக்கினாள். போல்ட்டின் தலையில் போய்ப் பொருந்தியது. இடது பக்கம் திருப்பினால் தூணும் சேர்ந்து சுற்றியது. "இறக்கையை அசையாமப் பிடிச்சுக்கோம்மா" என்று நர்ஸ் பெண்ணிடம் சொல்லிவிட்டுத் திரும்பவும் திருப்பினாள். முதல் இறுக்கம் விட்டதும் போல்ட் சமர்த்தாகச் சுழன்று வந்தது. அதன் திருகு மரையெல்லாம் பச்சை கிரீஸ். வேறு யாரும் இந்த வேலையில் அந்த கிரீஸைப் போடுவதில்லை. அடுத்த தடவை கழட்டுகிறவன் அவதிப்படக் கூடாது என்று சொல்லிக்கொண்டே திருகாணிதான் போடுவான்.

"உங்க வீட்டுக்காரர்தான் காலையிலயே சொன்னாரே" என்றார் வார்டன், டார்ச்சை அணைத்துக்கொண்டே. "நீ கிளம்பினதும் போன் பண்ணினாரு."

"என்ன சொன்னாரு?"

"இது கஷ்டமான வேலை, அவளால ஆகாது, ஏதாவது உடைச்சுட்டாக் கோவிச்சுக்காதீங்க, இடுப்பு சரியானதும் நானே வந்து பாக்குறேன்னாரு. உன் மேல அக்கறையாத்தான் சொன்னாரு."

அந்த அறையில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கைராசி கையிலிருந்த போல்ட்டைக் கீழே வைக்கவில்லை. உடைக்கிறதுக்கு முன்பே, உடைப்பாள் என்று சொல்லியாகிவிட்டது. அப்புறம்தான் அவளிடம் பேசியிருக்கிறான். மூடியைத் தொடாதே, பலமாக இழு, உனக்கு வலு பத்தலை. மறந்தவன் பேசுகிற பேச்சா அது? அந்த மூடிக்குக் கீழே என்ன இருக்கிறதென்று தெரிந்தவன் மட்டும்தானே தொடாதே என்பான்.

அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. நடுக்கூடத்தில் யாரோ தன்னைத் தள்ளிவிட்டு, சுற்றி நின்றவர்களிடம் 'பாருங்க, விழுந்துட்டா' என்று சொன்னதுபோல.

"கொஞ்சம் சுடுதண்ணி கிடைக்குமாக்கா?" என்றாள்.

போல்ட் போனாலும் தூண் உடனே வந்துவிடவில்லை. உள்ளே ஷாஃப்டின் பற்களில் சோப்பும் உப்பும் பாறையாகப் பிடித்திருந்தன. இரண்டு வாளி சுடுதண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றி, பாவாடை முழுகும்படி விட்டார்கள். போல்ட் இருந்த கிணற்றுக்குள்ளும் ஊற்றினாள். ஊறட்டும் என்று காத்திருந்தாள். அதற்கப்புறம் இழுக்கவில்லை, இரண்டு பக்கமும் அடிவிளிம்பைப் பிடித்து, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று அசைத்து அசைத்துத் தூக்கினாள். கொஞ்சம் கொஞ்சமாக எழும்பியது. கடைசியில் 'பொளக்' என்று ஒரு சத்தத்தோடு தூண் மொத்தமாக அவள் கைக்கு வந்தது. எண்ணெயும் நூலும் கலந்த கறுப்புச் சேற்றின் நாற்றம் அறையை நிறைத்தது.

அடியில் இரண்டு ஹேர்பின்கள், ஒரு பட்டன், வில் மாதிரி வளைந்த ஒரு கம்பி. நர்ஸ் பெண் கம்பியைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உள்ளாடையிலிருந்து உருவிக்கொண்டு வந்திருந்த கம்பி. அதுதான் ஒவ்வொரு திருப்பத்திலும் துணியைக் கோத்துக் கிழித்திருக்கிறது.

"யாரோடதுன்னு நான் கேக்க மாட்டேன்" என்றார் வார்டன்.

கைராசியும் சிரித்தாள். சிரிப்பு வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஷாஃப்டைத் துடைத்தாள். உடைந்த அஜிடேட்டரைத் திரும்ப மாட்ட மனம் ஒப்பவில்லை. விரிசல் துணியைப் பிய்க்கும். புதிதாக ஒன்று வாங்கிவந்து மாட்டித்தருவதாகவும், உடைத்தது தான்தான் என்றும் சொன்னாள். யார் சொல்லி உடைத்தாள் என்று சொல்லவில்லை. வீட்டு விஷயத்தை அந்த ஈர அறையில் விரித்துப்போட வாய் வரவில்லை. வார்டன் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "நீயே வந்து மாட்டு" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது திருகாணி தலையணையை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்திருந்தான்.

"என்னாச்சு? போனையே எடுக்கலை" என்றான்.

"உடைஞ்சுடுச்சு."

"அடடா." அவன் உச்சுக்கொட்டினான். "பரவால்ல விடு. எல்லா வேலையும் எல்லாராலயும் முடியாது. பெரிய மெஷின்லாம் இனிமே ஒத்துக்காத. நான் எழுந்ததும் பாத்துக்குறேன்."

இதைச் சொல்லத் தயாராக அவன் காத்திருந்திருக்கிறான் என்பது அவளுக்குத் தெரிந்தது. குரலில் அவ்வளவு பரிவு. பையிலிருந்து போல்ட்டை எடுத்து அவன் போர்வையின்மேல் வைத்தாள். பச்சை கிரீஸ் போர்வையில் ஒட்டியது.

அவன் அதைப் பார்த்தான். எடுக்கவில்லை.

"மறந்துட்டேன்" என்றான்.

"மறந்தவர் எதுக்கு மூடியைத் தொடாதன்னு சொன்னீங்க?"

"வேற மாடலோட குழப்பிக்கிட்டேன்."

"வார்டனுக்குப் போன் பண்ணும்போதும் குழம்பிட்டீங்களா?"

அவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தெருவில் ஒரு வண்டி நின்று, கிளம்பிப் போனது. அவள் நின்றுகொண்டே இருந்தாள். உட்கார்ந்தால் இந்தப் பேச்சு சமாதானமாகப் போய்விடும் என்று தோன்றியது.

"நாள் முழுக்க இங்க கிடந்து நான்தான் போனை எடுக்குறேன்" என்றான் கடைசியில். குரல் உள்ளே போயிருந்தது. "எடுத்தா, அக்கா இருக்காங்களா. நான் பேசுறேன்னு சொன்னா, பரவால்ல அக்கா வந்ததும் கூப்பிடுறோம். இருபது வருஷம் நான் தூக்கின மெஷின்டி எல்லாம். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு இடத்துல, அவளால ஆகலை, அவரே வரட்டும்னு சொல்லிட்டாங்கன்னா போதும்னு இருந்துச்சு. பெரிசா ஒண்ணும் நினைக்கலை."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு? உன்னைப் பாத்தா எனக்கு வயிறு எரியுதுன்னா?"

"ஆமா. அப்படியே சொல்லியிருக்கலாம்."

வயிறு எரிந்ததைக்கூட அவளால் விளங்கிக்கொள்ள முடிந்தது. எழுந்து நடமாட முடியாதவன்; எரியும். ஆனால் அந்தப் போனில் அவன் குரலில் ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லையே. தினமும் கிளிப் எங்கே இருக்கிறது, ஒயர் எங்கே போகிறது என்று சொல்லிக்கொடுத்த அதே குரல். அதே நிதானம். இடது பக்கம் பார், தெரியுதா, அமுக்கு, தூக்கு. அத்தனை நாளும் அவள் எந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு வழி நடந்தாளோ அந்தக் குரல்தான். நிஜத்தையும் பொய்யையும் அது ஒரே மாதிரி சொல்லும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். அவனுக்குச் சாப்பாடு வைத்தாள், மாத்திரை கொடுத்தாள். அதிலெல்லாம் குறை வைக்கவில்லை.

அடுத்த வாரம் ஹாஸ்டலுக்குப் போய்ப் புது அஜிடேட்டரை அவளே மாட்டினாள். பற்களைப் பொருத்தி இறக்கி, போல்ட்டைத் திருகி, மூடியை உள்ளங்கையால் அமுக்கினாள். மெஷின் சத்தமில்லாமல் ஓடியது. வார்டன் டீ கொடுத்தார். தெரிந்த ஒரு ஆஸ்பத்திரி லாண்டரியில் அவளைப் பற்றிச் சொல்லியிருப்பதாகவும் சொன்னார்.

திருகாணி மெல்ல எழுந்து நடக்க ஆரம்பித்தான். மன்னிப்பு என்ற வார்த்தையை அவன் சொல்லவில்லை. ஆனால் அவள் ஷூவைத் துடைத்து வைத்தான், பையில் சாக்கெட்டுகளை வரிசையாக அடுக்கி வைத்தான். அவள் இப்போதெல்லாம் வேலை இடத்திலிருந்து வீட்டுக்குப் போன் செய்வதில்லை. தெரியாத மெஷின் என்றால் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரைக் கேட்பாள், இல்லாவிட்டால் டார்ச் அடித்துக்கொண்டு உட்கார்ந்து தானே கண்டுபிடிப்பாள். நேரம் அதிகம் பிடித்தது.

ஒருநாள் ஆஸ்பத்திரி லாண்டரிக்குக் கிளம்பும்போது அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான்.

"அங்க இருக்கிறது ரெட்டைத் தூண் மாடல்" என்றான். "மேல இருக்கிறது தனியா, கீழ இருக்கிறது தனியா வரும். மூடிக்கு அடியில இன்னொரு மூடி, ரப்பர் வளையத்தோட இருக்கும். அதை எடுத்தாத்தான் போல்ட் தெரியும்."

அவள் தலையசைத்தாள். போனாள். அங்கே மேல் மூடியை எடுத்துவிட்டு உடனே உள்ளே ராடை விடவில்லை. டார்ச்சை அடித்து நாலா பக்கமும் பார்த்தாள். விரலால் தடவிப் பார்த்தாள். ரப்பர் வளையத்தோடு இன்னொரு மூடி இருந்தது. அதை எடுத்தாள். போல்ட் இருந்தது. அவன் சொன்னதில் எள்ளளவும் தப்பில்லை. அதைப் பார்த்ததும் அவள் ராடைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். முன்பென்றால் இவ்வளவு தடவிப் பார்த்திருக்க மாட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் கேட்டான். "நான் சொன்ன மாதிரி இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவன் இன்னும் ஏதோ எதிர்பார்த்து நின்றுகொண்டிருந்தான். அவள் சோப்பை எடுத்து, நகத்து இடுக்கில் இருந்த கறுப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.